செம்பனை விலையும் குறைந்தபட்சச் சம்பளமும்: படிவம் 5 பொருளியல், தரவு விளக்கக் கேள்வித்தாள்

பெஸ்தாரி ஜெயா, வியாழன் இரவு வகுப்பு
நேரம்: 1 மணி 15 நிமிடம். மொத்தம்: 40 மதிப்பெண்
கால்குலேட்டர் கொண்டு வரலாம்.

பிள்ளைகளே, எழுதத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை. போன மாதத் தாளில் உங்களில் பாதிப் பேர் அட்டவணையைப் பார்க்காமல், மனத்தில் இருந்த பாடத்தை எழுதி வைத்திருந்தீர்கள். "விலை ஏறினால் அளிப்பு ஏறும்" என்பது பாடம். கீழே உள்ள அட்டவணையில் விலை ஏறிய இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி இறங்கியிருக்கிறது. எண் என்ன சொல்கிறதோ அதை முதலில் எழுதுங்கள். காரணம் அப்புறம். எண் சொல்லாததை எண்ணின் வாயில் திணித்தால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது.

எல்லாக் கணக்கிலும் வழிமுறையைக் காட்டுங்கள். விடை தவறினாலும் வழி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் உண்டு.

பகுதி 1: செம்பனை

அட்டவணை 1: மலேசியாவில் கச்சா செம்பனை எண்ணெய் (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆண்டு எண்கள், விலை முழு ரிங்கிட்டாக்கப்பட்டுள்ளது)

| ஆண்டு | சராசரி விலை (ஒரு டன், ரிங்கிட்) | உற்பத்தி (மில்லியன் டன்) |
|---|---|---|
| 2019 | 2,079 | 19.86 |
| 2020 | 2,686 | 19.14 |
| 2021 | 4,407 | 18.12 |
| 2022 | 5,088 | 18.45 |
| 2023 | 3,810 | 18.55 |
| 2024 | 4,180 | 19.34 |

1. உற்பத்தி மிகக் குறைவாக இருந்த ஆண்டு எது? அந்த ஆண்டின் சராசரி விலை என்ன? (2)

2. 2020-இலிருந்து 2021-க்கு விலையும் உற்பத்தியும் எத்தனை விழுக்காடு மாறின? ஏற்றமா இறக்கமா என்பதையும் எழுதுக. (4)

3. கீழே ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றையும் அட்டவணை "சொல்கிறது", "மறுக்கிறது", "சொல்லவில்லை" என்று பிரித்து, ஒரு வரியில் காரணம் தருக. (5)

அ. 2024-இன் விலை 2019-இன் விலையைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்.
ஆ. 2022-இல் எல்லா மாதங்களிலும் விலை 5,000 ரிங்கிட்டைத் தாண்டியது.
இ. 2019-க்குப் பிறகு உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தது.
ஈ. விலை ஏறிய ஆண்டுகளில் குலை வெட்டும் தொழிலாளியின் வருமானமும் ஏறியது.
உ. 2022-இல் விலை உச்சத்தில் இருந்தும், உற்பத்தி 2019 அளவை எட்டவில்லை.

4. ஒரு மாணவர் கேள்வி 2-இன் விடைகளை வைத்து அளிப்பின் விலை நெகிழ்ச்சியைக் கணக்கிட்டு, −0.08 என்று கண்டார். பிறகு இப்படி எழுதினார்: "நெகிழ்ச்சி எதிர்மறையாக வருவதால் செம்பனைக்கு அளிப்பு விதி பொருந்தாது."

அ. அவர் கணக்கு சரியா? (1)
ஆ. அவர் முடிவு ஏன் தவறு? அளிப்புக் கோட்டின் வரைபடம் ஒன்று வரைந்து விளக்குக. (3)
இ. விலை ஏறிய உடனே செம்பனை உற்பத்தி ஏறாததற்கு, நம் ஊர்த் தோட்டத்தில் கண்ணால் காணக்கூடிய இரண்டு காரணங்கள் தருக. (2)

5. 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் உற்பத்தியைச் சராசரி விலையால் பெருக்கி, தோராய மதிப்பைப் பில்லியன் ரிங்கிட்டில் காண்க. உற்பத்தி கூடியும் மதிப்பு ஏன் இறங்கியது? (3)

பகுதி 2: சம்பளம்

அட்டவணை 2: தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம்

| நடப்புக்கு வந்தது | ரிங்கிட் |
|---|---|
| 2013 ஜனவரி | 900 |
| 2016 ஜூலை | 1,000 |
| 2019 ஜனவரி | 1,100 |
| 2020 பிப்ரவரி | 1,200 * |
| 2022 மே | 1,500 \*\* |
| 2025 பிப்ரவரி | 1,700 \*\*\* |

\* மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும். மற்ற இடங்களில் 1,100 தொடர்ந்தது.
\*\* ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு 2023 ஜூலை முதல்.
\*\*\* ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு 2025 ஆகஸ்டு முதல்.

6. அ. நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள ஒரு தோட்டத்தில் 2020 மார்ச் மாதத்துக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் என்ன? மூன்று பேர் வேலை செய்யும் ஒரு மளிகைக் கடையில் 2025 மார்ச் மாதத்துக்கு என்ன? (2)
ஆ. அந்தத் தோட்டத்தில் ஐந்து பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். 2022 மே உயர்வு அவர்களுக்கு எத்தனை விழுக்காடு? நகராட்சிக்குள் இருக்கும் தொழிலாளிக்கு எத்தனை விழுக்காடு? (2)

7. மலேசியாவின் பணவீக்கம் 2023-இல் 2.5%, 2024-இல் 1.8%. 2022-இல் 1,500 ரிங்கிட்டுக்கு வாங்கிய பொருள்களை இந்த இரண்டு ஆண்டு விலையேற்றத்துக்குப் பின் வாங்க எவ்வளவு வேண்டும்? 1,700 ரிங்கிட் கைக்கு வந்தபோது தொழிலாளியின் வாங்கும் சக்தி கூடியதா, குறைந்ததா? (4)

8. கீழே உள்ள பட்டை வரைபடத்தைப் பாருங்கள்.

```
2022   ██
2025   ██████
ஒரு கட்டம் = 50 ரிங்கிட்; அச்சு 1,400-இல் தொடங்குகிறது
```

அ. பட்டைகளை மட்டும் பார்த்தால் சம்பளம் எத்தனை மடங்கானது போலத் தெரிகிறது? உண்மையில் எத்தனை விழுக்காடு உயர்ந்தது? (2)
ஆ. அச்சைப் பூச்சியத்தில் தொடங்கி, ஒரு கட்டம் = 100 ரிங்கிட் என்று மறுபடி வரைக. (2)

பகுதி 3: நீங்களே கேள்வி எழுதுங்கள்

9. அட்டவணை 1 அல்லது 2-இலிருந்து மூன்று பகுதிகள் கொண்ட ஒரு கேள்வியை நீங்களே எழுதி, விடையும் தருக. முதல் பகுதி அட்டவணையைப் பார்த்தாலே கிடைக்கும் விடை. இரண்டாவதற்குக் கணக்குப் போட வேண்டும். மூன்றாவது "ஏன்" அல்லது "இதிலிருந்து முடிவு செய்யலாமா" என்று கேட்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவர் "என்ன கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டால் கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். திருத்தியதைத்தான் நான் பார்ப்பேன். (8)

---

விடைக் குறிப்பு (அடுத்த வாரம் வகுப்பை எடுக்கப்போகும் டீச்சருக்கு)

1. 2021, 4,407 ரிங்கிட். ஒன்றுக்கு ஒன்று.

2. விலை: (4,407 − 2,686) ÷ 2,686 × 100 = 64.1% ஏற்றம். உற்பத்தி: (18.12 − 19.14) ÷ 19.14 × 100 = 5.3% இறக்கம். 4,407-ஆல் வகுத்து 39% என்று எழுதும் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். அடிப்படை ஆண்டு எது என்பதை அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

3. அ, உ: சொல்கிறது. இ: மறுக்கிறது, 2022 முதல் ஏறுகிறது. ஆ, ஈ இரண்டும் "சொல்லவில்லை". இந்த இரண்டில்தான் வகுப்பு தடுமாறும், அவசரப்படாமல் நின்று பேசுங்கள். ஆ-வுக்கு "சராசரி" என்ற சொல்லே சாவி: சில மாதங்கள் மேலே, சில மாதங்கள் கீழே இருந்தாலும் 5,088 வரும். ஈ-யில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். சொல்லட்டும். ஒருவர் அப்பாவுக்குக் கூடியிருக்கும், இன்னொருவர் அப்பாவுக்கு ஆள் பற்றாக்குறையில் வேலை மட்டும் கூடியிருக்கும். இரண்டும் உண்மையாக இருக்கலாம், ஆனால் அட்டவணையில் சம்பளம் என்ற பத்தியே இல்லை. "மறுக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண் தர வேண்டாம்.

4. அ. கணக்கு சரி: −5.3 ÷ 64.1 = −0.08.
ஆ. மற்றக் காரணிகள் மாறாமல் இருக்கும்போதுதான் அளிப்பு விதி பேசும். இங்கே அவை மாறிவிட்டன. நோய்த்தொற்றுக் காலத்தில் எல்லை மூடியதால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வருவது நின்றது, வெட்ட ஆள் இல்லை. அளிப்புக் கோடே இடப்பக்கம் நகர்ந்தது. நாம் பார்க்கும் இரண்டு புள்ளிகளும் ஒரே அளிப்புக் கோட்டில் இல்லை. வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருந்தால் 1, நகர்வின் திசை சரியாக இருந்தால் 1, "ஒரே கோட்டில் இல்லை" என்ற கருத்துக்கு 1.
இ. நட்ட கன்று காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். விலையைப் பார்த்து இன்று நட்டாலும் இந்த ஆண்டு எண்ணெய் கிடைக்காது. இன்னொன்று வெட்டு. பழுத்த குலையின் அடியில் உதிரி விழத் தொடங்கியதும் வெட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று தவறினால் உதிரி மண்ணில் கிடந்து வீணாகும், குலை அழுகும். உயர மரத்தில் நீளக் கழியின் முனையில் அரிவாளைக் கட்டி வெட்டும் வேலைக்கு நேற்று வந்தவரை இன்று நிறுத்த முடியாது. "உதிரி" என்று எழுதிய பிள்ளைக்குத் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுங்கள், பாடநூல் சொல் இல்லாவிட்டாலும்.

உக்ரைன் போரையும், 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா சில வாரம் ஏற்றுமதியைத் தடுத்ததையும் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். அவை 2022 விலைக்குரிய காரணங்கள். கேள்வி 2021 பற்றியது. ஆண்டைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

5. 2022: 93.87 பில்லியன். 2023: 70.68 பில்லியன். உற்பத்தி 0.5% மட்டுமே ஏறியது, விலை 25.1% விழுந்தது, விலையின் இழுப்பு வென்றது.

6. அ. 1,100, 1,500. நட்சத்திரக் குறிப்பைப் படித்தாரா என்பதற்கான சோதனை இது. ஆ. 36.4%, 25%.

7. 1,500 × 1.025 × 1.018 = 1,565.18 ரிங்கிட். 1,700 இதைவிட 134.82 அதிகம், வாங்கும் சக்தி சுமார் 8.6% கூடியது. 2.5-உம் 1.8-உம் கூட்டி 4.3% என்று போட்டு 1,564.50 கண்டவருக்கு ஒரு மதிப்பெண் குறைத்தால் போதும். ஆனால் கூட்டு ஏன் தப்பு என்று பலகையில் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

8. அ. மூன்று மடங்கு போலத் தெரிகிறது, உண்மையில் 13.3%. ஆ. 15 கட்டம், 17 கட்டம். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வகுப்பே ஒரு நொடி அமைதியாகும். அந்த அமைதியை விட்டுவிடுங்கள், உடனே பேச வேண்டாம்.

9. முதல் இரண்டு பகுதிகளுக்குத் தலா 2, மூன்றாவதற்கு 4. "செம்பனையின் முக்கியத்துவத்தை எழுதுக" என்பது அட்டவணை இல்லாமலே விடை எழுதக்கூடிய கேள்வி. மூன்றாம் பகுதியாக வந்தால் 0. "விலை ஏன் மாறியது?" என்பதற்கு 1: எந்த ஆண்டு, எவ்வளவு மாற்றம் என்று இல்லை. நல்ல கேள்வி எப்படி இருக்கும் என்று கேட்டால் இதைக் காட்டலாம்:

அ. 2023-இல் உற்பத்தி எவ்வளவு? (18.55 மில்லியன் டன்) ஆ. 2023-இலிருந்து 2024-க்கு விலை எத்தனை விழுக்காடு மாறியது? (9.7% ஏற்றம்) இ. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையே விலையும் உற்பத்தியும் சேர்ந்து ஏறின. விலை ஏறியதால்தான் உற்பத்தி ஏறியது என்று ஒரு தோட்ட நிர்வாகி சொன்னால், 2020, 2021 வரிசைகளைக் காட்டி அவரிடம் நீ என்ன கேட்பாய்? (2021-இல் விலை 64.1% ஏறியும் உற்பத்தி 5.3% இறங்கியது, அப்படியானால் 2024-இல் விலையைத் தவிர வேறு என்ன மாறியது, வெட்ட ஆள் கிடைத்தார்களா?)