பொருள்: 7-ம் தேதி அனுப்பிய ரெஸ்யூமேயில் பிழை, திருத்திய பிரதி இணைப்பில் (காற்றாலை பராமரிப்பு டெக்னீசியன், ராதாபுரம் சைட்)

திருநெல்வேலி
12.03.2024

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். ராதாபுரம் சைட் வேலைக்காக மார்ச் 7-ம் தேதி உங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியிருந்தேன். நேற்று போனில் பேசியபோது, வியாழக்கிழமைக்குள் அதை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னீர்கள். அந்த ரெஸ்யூமேயில் என் அனுபவத்தைத் தவறாக எழுதிவிட்டேன். தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம். திருத்தியதை இந்த மெயிலில் இணைத்திருக்கிறேன். கோப்பின் பெயர் Esakkimuthu_Resume_Corrected_12Mar2024.pdf. முதலில் அனுப்பியது Esakkimuthu_Resume.pdf என்ற பெயரில் இருக்கும்.

பழைய ரெஸ்யூமேயில் இருந்த வரி இது:

"காற்றாலை பராமரிப்பு டெக்னீசியன், 2019 ஆகஸ்ட் முதல் 2023 நவம்பர் வரை, 4 ஆண்டு 4 மாதம்."

சரியாக இருக்க வேண்டியது இப்படி:

"டிப்ளமோ அப்ரண்டிஸ், 01.08.2019 முதல் 31.07.2020 வரை, 1 ஆண்டு. காற்றாலை பராமரிப்பு டெக்னீசியன், 01.08.2020 முதல் 30.11.2023 வரை, 3 ஆண்டு 4 மாதம்."

இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே சைட். ஆனால் முதல் வருடம் நான் டெக்னீசியன் இல்லை. உங்கள் விளம்பரத்தில் குறைந்தது 4 ஆண்டு அனுபவம் கேட்டிருக்கிறீர்கள். திருத்திய கணக்கில் டெக்னீசியன் அனுபவம் மட்டும் பார்த்தால் எனக்கு 8 மாதம் குறைகிறது. இதை நீங்களாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது என்றுதான் நானே சொல்கிறேன்.

பிழை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு சிந்துபூந்துறையில் இருக்கிறது. போன டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, சர்டிபிகேட் வைத்திருந்த டிரங்குப் பெட்டி முழுகிவிட்டது. தாள்களைப் பிரித்துக் காயவைத்தாலும் சிலது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கிழிந்துவிடும் என்று பயந்து அவற்றை அப்படியே கட்டி வைத்துவிட்டோம். ரெஸ்யூமேயை அதனால் நினைவில் இருந்ததை வைத்து எழுதினேன். இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று, ஒரே நிறுவனம்தானே என இரண்டு வரிகளை ஒன்றாக்கினேன். அப்போது "அப்ரண்டிஸ்" என்ற சொல் போய்விட்டது. நேற்று நீங்கள் ஒரிஜினல்களைத் தயாராக வைக்கச் சொன்ன பிறகு, அம்மாவும் நானும் உட்கார்ந்து அந்தக் கட்டை மெதுவாகப் பிரித்தோம். அப்ரண்டிஸ் சர்டிபிகேட்டைப் பார்த்ததும்தான் தவறு தெரிந்தது. வெள்ளத்தைக் காரணமாகச் சொல்லி ஒதுங்கவில்லை, மேடம். அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டியது நான்தான்.

அந்த அப்ரண்டிஸ் வருடத்தில் என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். நிறுவனம் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய உதவும். முதல் ஆறு மாதம் பெரும்பாலும் கீழேதான் வேலை. கன்ட்ரோல் பேனல் ரீடிங் எடுப்பது, டிரான்ஸ்பார்மர் யார்டில் ஆயில் அளவு பார்ப்பது, சாமான் கட்டி மேலே ஏற்றி விடுவது. அதற்குப் பிறகு சீனியரோடு டவர் ஏறினேன், உதவிக்கு மட்டும். போல்ட் டார்க் பார்த்தல், கிரீஸ் அடித்தல், கியர்பாக்ஸ் ஆயில் பில்டர் மாற்றுதல் இதெல்லாம் அவர் கூடவே இருந்துதான் செய்தேன். தனிப் பொறுப்பில் நாசெல்லில் வேலை பார்த்தது 2020 ஆகஸ்டுக்கு அப்புறம்தான்.

இந்த வேலையில் ஒரு வருடம் கூடுதலாகக் காட்டுவது காகிதத்தோடு போகிற விஷயம் இல்லை. மே மாதம் காற்று சீசன் தொடங்கிவிட்டால் ராதாபுரம், பணகுடி பக்கம் ஒரு மெஷின் நின்றாலும் உடனே ஆள் ஏற வேண்டியிருக்கும். ஏறுகிற இரண்டு பேரில் யார் முன்னால் நின்று முடிவெடுப்பது, சப்ளையைத் துண்டித்துப் பூட்டுப் போட்டதை யார் உறுதி செய்வது என்பதை அனுபவத்தை வைத்துத்தான் சூப்பர்வைசர் தீர்மானிப்பார். என் ரெஸ்யூமேயை நம்பித்தான் இன்னொருவர் என்னோடு ஏறுவார். அதனால் அந்த வரி சரியாக இருக்க வேண்டும்.

பழையதைச் சரிபார்த்தபோது இன்னொரு விடுபட்ட விவரமும் கண்ணில் பட்டது. ஜி.டபிள்யூ.ஓ. உயரப் பணிப் பயிற்சிச் சான்று "உள்ளது" என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்தப் பயிற்சியை முடித்தது 2022 ஜனவரியில். 24 மாதம்தான் செல்லும் என்பதால், இந்த ஜனவரியோடு காலாவதியாகிவிட்டது. திருத்திய ரெஸ்யூமேயில் அதையும் தேதியோடு குறிப்பிட்டிருக்கிறேன். வேலைக்குச் சேரும் முன் புதுப்பித்தாக வேண்டும் என்றால், அதற்கான பயிற்சிக்கு எப்போது வேண்டுமானாலும் போகத் தயார்.

மற்ற விவரங்களில் மாற்றம் இல்லை. 2024 ஜனவரி முதல் மாமாவோடு சேர்ந்து வெள்ளத்தில் நனைந்த வீடுகளுக்கு வயரிங் மாற்றுவதும் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பதுமாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தது சரிதான்.

சரிபார்க்க உதவியாக மூன்று ஆவணங்களையும் இணைத்துள்ளேன். ஒன்று, சென்னை தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் கொடுத்த அப்ரண்டிஸ் சர்டிபிகேட்டின் புகைப்படம். ஓரத்தில் தண்ணீர்க்கறை இருக்கிறது, ஆனால் எண்ணும் தேதிகளும் தெளிவாகத் தெரியும். அப்புறம் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் அனுபவச் சான்று, இ.பி.எப். சர்வீஸ் ஹிஸ்டரியின் ஸ்கிரீன்ஷாட். அப்ரண்டிஸ் காலத்துக்கு பி.எப். பிடித்தம் கிடையாது என்பதால், அதில் சேர்ந்த தேதி 01.08.2020 என்றுதான் இருக்கும். பழைய ரெஸ்யூமேயோடு ஒப்பிட்டால் இந்த இடம்தான் இடிக்கும்.

உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். பழைய ரெஸ்யூமே ஏற்கெனவே நிறுவனத்துக்குப் போயிருந்தால், திருத்தியதை அனுப்பும்போது பிழை விண்ணப்பித்தவருடையது, அவரே கண்டுபிடித்துச் சொன்னார் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் பக்கம் கவனக்குறைவு என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. இரண்டாவது, 3 ஆண்டு 4 மாதமும் அப்ரண்டிஸ் ஒரு வருடமும் இந்த வேலைக்குப் போதுமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். போதாது என்றால், அதே சைட்டில் ஜூனியர் டெக்னீசியன் இடம் இருந்தாலும் வரச் சம்மதம். சம்பளம் அதற்கேற்றபடி இருந்தால் போதும்.

பகலில் மாமாவோடு வேலையில் இருப்பதால் சில நேரம் போனை எடுக்க முடியாது. மதியம் 1 மணிக்கு மேல் 2 மணி வரையும், மாலை 6 மணிக்கு மேலும் கட்டாயம் எடுப்பேன். எண் ரெஸ்யூமேயில் உள்ளதுதான். திருத்திய கோப்பு திறக்கிறதா, உங்களுக்குக் கிடைத்ததா என்று ஒரு வரி பதில் போட்டால் நிம்மதியாக இருக்கும்.

உங்களுக்குக் கூடுதல் வேலை வைத்ததற்கு மன்னிக்கவும், மேடம்.

இப்படிக்கு,
சு. இசக்கிமுத்து
சிந்துபூந்துறை, திருநெல்வேலி

இணைப்பு: திருத்திய ரெஸ்யூமே, அப்ரண்டிஸ் சர்டிபிகேட், அனுபவச் சான்று, இ.பி.எப். சர்வீஸ் ஹிஸ்டரி