விவாதம்: ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையில் ஒலியின் வேகம்

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து எங்களுக்குக் கிடைத்த ஒலியின் வேகம் 345.1 மீ/வி. புத்தகத்தில் உள்ள 331.3 மீ/வி என்ற மதிப்போடு இதை நேராக ஒப்பிட்டால் 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அது 0°செ-இல் உள்ள உலர்ந்த காற்றுக்கான மதிப்பு. ஆய்வகத்தில் அன்று வெப்பநிலை 30°செ. அதற்கு எதிர்பார்க்க வேண்டியது 349.0 மீ/வி. ஆகவே எங்கள் மதிப்பு கூடுதல் அல்ல, 3.9 மீ/வி, அதாவது சுமார் 1.1 சதவீதம் குறைவு. விளக்க வேண்டியது இந்தக் குறைவைத்தான்.

முதலில் சந்தேகம் வருவது முனைத்திருத்தத்தின் மேல். முதல் ஒத்ததிர்வு நீளத்தை (15.9 செ.மீ) மட்டும் கொண்டு 4fl₁ என்று கணக்கிட்டால் வெறும் 325.6 மீ/வி வருகிறது. நாங்கள் 2f(l₂ − l₁) என்ற சூத்திரத்தைப் பயன்படுத்தியதால் முனைத்திருத்தம் தானாகவே நீங்கிவிடுகிறது. எங்கள் அளவீடுகளிலிருந்து கிடைக்கும் திருத்தம் 0.95 செ.மீ, குழாயின் உள்விட்டம் 3.2 செ.மீ என்பதால் 0.3d விதிப்படி 0.96 செ.மீ. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால், காரணம் இதுவாக இருக்க முடியாது. இசைக்கவை துருப்பிடித்து அதன் அதிர்வெண் குறைந்திருந்தாலும், 512 என்றே வைத்துக் கணக்கிடும்போது விடை கூடித்தான் வரும். எங்களுக்கு வந்ததோ குறைவு.

குழாய்க்குள் இருக்கும் காற்று அறைக்காற்றைப் போன்றதல்ல. நீரின் வெப்பநிலை 26°செ. அதன் மேலுள்ள காற்று அறையைவிட 3 டிகிரி குளிர்ந்திருந்தால் வேகம் சுமார் 1.8 மீ/வி குறையும். சரி, குறைவின் பாதி இதிலேயே அடங்கிவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே நீர்தான் குழாயை ஈரப்பதத்தால் நிரப்புகிறது. நீராவி மூலக்கூறு காற்றைவிட இலேசானது என்பதால், இந்த வெப்பநிலையில் காற்று நீராவியால் முழுதும் நிறைந்திருந்தால் வேகம் ஏறத்தாழ 2 மீ/வி கூடும். குளிர்ச்சி குறைப்பதை ஈரம் ஈடுகட்டிவிடுவதால், இவ்விரண்டையும் சேர்த்துக் காரணமாகச் சொல்ல முடியாது.

மீதியிருப்பது காதால் ஒத்ததிர்வைக் கண்டுபிடிப்பதில் உள்ள ஐயப்பாடு. இதுவே முக்கியக் காரணம் என்பது எங்கள் முடிவு. நீர்மட்டத்தை இறக்கியபோது இரண்டாம் ஒத்ததிர்வு 49.9 செ.மீ-இலும், ஏற்றியபோது 49.3 செ.மீ-இலும் கேட்டது. முதலாவதில் இந்த வேறுபாடு 2 மி.மீ மட்டுமே (16.0, 15.8). இரண்டாவது ஒலி மங்கலாகவும் அகலமாகவும் இருக்கிறது. சுமார் அரை சென்டிமீட்டர் தூரத்துக்கு உரப்பு மாறாததுபோலவே கேட்கிறது. இந்தச் சூத்திரத்தில் நீளத்தில் 1 மி.மீ பிழை வந்தால் வேகத்தில் சுமார் 1 மீ/வி மாறும். எங்கள் அளவீடுகளின் இரு எல்லைகளையும் எடுத்தால் வேகம் 341.0 முதல் 349.2 மீ/வி வரை போகிறது. 349.0 அந்த எல்லைக்குள் அமைந்தாலும் மேல் விளிம்பை ஒட்டியே இருக்கிறது. குழாய் 1 மீட்டர் நீளம் என்பதால் 83 செ.மீ அருகே வரும் மூன்றாம் ஒத்ததிர்வையும் அளக்க இடமிருக்கிறது. அப்போது f(l₃ − l₁) என்ற சூத்திரப்படி அதே 1 மி.மீ பிழையின் விளைவு பாதியாகும். ஆனால் அந்த ஒலி இன்னும் மெலிதாக இருக்கும் என்பதால், காதுக்குப் பதிலாக மைக்ரோஃபோன் வைத்து அளப்பதே பொருத்தம்.