செல்வராணி தாக்கல் செய்யும் ஆட்கொணர்வு மனுவுக்கு ஆதரவான பிரமாணப் பத்திரம்

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முன்பாக
(இந்திய அரசமைப்புச் சட்டம், உறுப்பு 226-இன் கீழ்)

மனுதாரர்: மு. செல்வராணி, வயது 31, க/பெ. முருகேசன், மேற்குத் தெரு, செங்கழனிப்பட்டி.

எதிர்மனுதாரர்கள்: 1. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். 2. காவல் ஆய்வாளர், செங்கழனிப்பட்டி காவல் நிலையம்.

மேற்படி முகவரியில் வசிக்கும் செல்வராணி ஆகிய நான் உளமார உறுதிகூறித் தெரிவிப்பதாவது:

1. நான் இந்த மனுவின் மனுதாரர். இரண்டாம் எதிர்மனுதாரரின் காவலர்களால் கூட்டிச் செல்லப்பட்ட முருகேசன் (வயது 34) என் கணவர். வெல்டிங் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். என் கணவர் மீது இதற்கு முன் எந்த வழக்கும் இருந்ததில்லை.

2. 18.03.2025 செவ்வாய்க்கிழமை இரவு 9.30 மணியளவில் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளை நிற ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். இருவர் காக்கிச் சீருடையிலும் இருவர் சாதாரண உடையிலும் இருந்தார்கள். சீருடையில் இருந்த எவர் சட்டையிலும் பெயர்ப் பட்டை இல்லை. தோட்டங்களில் மின் மோட்டார்களின் செம்புக் கம்பி திருடு போவதாகவும், அது பற்றி விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அவர் கையைக்கூடக் கழுவவில்லை. செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு போனார். "எதற்காகக் கைது செய்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று என் மாமனார் கேட்டதற்கு, "கைது ஒன்றும் இல்லை பெரியவரே, விசாரித்துவிட்டுக் காலையில் அனுப்பிவிடுவோம்" என்று பதில் சொன்னார்கள். எந்தத் தாளிலும் எங்களிடம் கையெழுத்து வாங்கவில்லை. பக்கத்து வீட்டார் இருவர் இதை நேரில் பார்த்திருக்கிறார்கள். அவர்களின் வாக்குமூலங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

3. நானும் மாமனாரும் அன்றிரவு 10.45 மணிக்குக் காவல் நிலையம் சென்றோம். உள்ளே விடவில்லை. ஆனால் நிலைய வராந்தாவில், எழுத்தர் அறைக் கதவின் ஓரம், என் கணவரின் நீல நிற ரப்பர் செருப்பு கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். இடது செருப்பின் வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருக்கும். அந்த ஊக்கைப் பத்து நாளைக்கு முன் குத்திக் கொடுத்தவள் நான். அடையாளத்தில் எனக்குத் தவறு நேர வழியில்லை. செருப்பு கிடந்த இடத்துக்கு நேர் மேலே சுவரில் கண்காணிப்பு கேமரா இருக்கிறது.

4. என் கணவருக்கு வலிப்பு நோய் உண்டு. அரசு மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகச் சிகிச்சை பெறுகிறார். காலையும் இரவும் மாத்திரை தவறக் கூடாது என்று மருத்துவர் சீட்டிலேயே எழுதியிருக்கிறார். அதனால் 19.03.2025 காலை 7 மணிக்கு மாத்திரை அட்டையையும் இட்லிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மீண்டும் நிலையத்துக்குப் போனேன். வாசலில் பணியில் இருந்த காவலர் ஒருவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, "கொடுத்துவிடுகிறேன், நீ போ" என்றார். அன்று மாலை அதே வாசலில் நான் கேட்டபோது, "அப்படி யாரையும் நாங்கள் அழைத்து வரவே இல்லை" என்று சொன்னார்கள். வராந்தாவில் செருப்பும் இல்லை. காலையில் மாத்திரையை வாங்கியவர்கள் மாலையில் ஆளே வரவில்லை என்று சொன்ன அந்த நேரத்தில் இருந்துதான் எனக்கு உயிர் பதறுகிறது.

5. 20.03.2025 அன்று எங்கள் பகுதி நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மூலம் விசாரித்தேன். முருகேசன் என்ற பெயரில் யாரும் அங்கே முன்னிலைப்படுத்தப்படவில்லை. கிளைச் சிறையிலும் கேட்டுவிட்டோம், அங்கும் இல்லை. காணவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்ததற்கு ரசீது தர மறுத்தார்கள். அதன் பிறகு முதல் எதிர்மனுதாரருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் மனு அனுப்பினேன். தபால் ரசீதை இணைத்திருக்கிறேன். இந்த நிமிடம் வரை பதில் இல்லை.

6. கைது செய்யப்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு 22(2) கூறுகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023-இன் பிரிவு 58-உம் அதையே கட்டளையிடுகிறது. எங்கள் ஊரிலிருந்து நடுவர் நீதிமன்றம் 14 கிலோமீட்டர். பஸ்ஸில் போனாலும் முக்கால் மணி நேரம்தான். நான் இந்தப் பத்திரத்தில் உறுதிமொழி எடுக்கும் 21.03.2025 காலை 9.30 மணியோடு, அவர் வீட்டைவிட்டுக் கொண்டுபோகப்பட்டு 60 மணி நேரம் ஆகிறது. "கைது இல்லை, விசாரணைதான்" என்ற விளக்கம் எதிர்மனுதாரர்களுக்கு உதவாது. விரும்பினால் எழுந்து வீட்டுக்கு வர முடியாத ஒருவர் காவலில்தான் இருக்கிறார் என்று பணிவுடன் தெரிவிக்கிறேன். விசாரணைக்கு அழைப்பதானால் பிரிவு 35(3)-இன்படி எழுத்து மூலம் அறிவிப்பு தந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் தரப்படவில்லை.

7. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிகளில், பெயர்ப் பட்டை அணிவது, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையொப்பமிட்ட கைதுக் குறிப்பு தயாரிப்பது, உறவினருக்குத் தகவல் சொல்வது ஆகியவை முதன்மையானவை. இவற்றில் ஒன்றுகூட என் கணவர் விஷயத்தில் நடக்கவில்லை. கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்லும் கடமையையும் (பிரிவு 47), உறவினருக்குத் தெரிவிக்கும் கடமையையும் (பிரிவு 48) இரண்டாம் எதிர்மனுதாரர் மீறியிருக்கிறார்.

8. காவல் நிலையங்களின் கேமராப் பதிவுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வராந்தாப் பதிவைப் பார்த்தால் நான் சொல்வது உண்மையா பொய்யா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அது அழிக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்ததை அறிந்தவர்கள் நாங்கள். அந்த அச்சத்தை மிகை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது என்று வேண்டுகிறேன்.

9. என் கணவர் தவறு செய்திருந்தால் சட்டப்படி வழக்குப் போடட்டும். அதைத் தடுக்க நான் வரவில்லை. அவரை ஒரு நீதிபதியின் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே வந்திருக்கிறேன். எனக்கு வேறு மாற்றுப் பரிகாரம் இல்லை. இதே பரிகாரம் கோரி வேறு எந்த நீதிமன்றத்திலும் மனு தாக்கல் செய்யவில்லை.

ஆகவே, இரண்டாம் எதிர்மனுதாரரின் சட்டவிரோதக் காவலில் இருக்கும் என் கணவர் முருகேசனை இம்மாண்பமை நீதிமன்றத்தின் முன் நேரில் நிறுத்தி, அவரை விடுதலை செய்யுமாறு எதிர்மனுதாரர்களுக்கு ஆட்கொணர்வு நீதிப்பேராணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

இம்மனு முடிவாகும் வரை, இடைக்கால உத்தரவாக, 18.03.2025 இரவு 9 மணி முதல் இன்று வரையிலான காவல் நிலையக் கேமராப் பதிவுகளையும் பொது நாட்குறிப்பையும் முத்திரையிட்டு இந்நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும், என் கணவரை அரசு மருத்துவர் ஒருவர் உடனடியாகப் பரிசோதித்து வலிப்பு மாத்திரை கிடைக்கச் செய்யவும், அவரைச் சந்திக்க என் வழக்கறிஞரை அனுமதிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். மாத்திரை விஷயம் நாளை வரை காத்திருக்கக் கூடியதல்ல என்பதால், மனுவை இன்றே அவசரமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டுகிறேன்.

இப்பத்திரத்தின் வாசகங்கள் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. 1 முதல் 5 வரையுள்ள பத்திகள் நான் நேரில் அறிந்தவை. சட்டம் பற்றியவை என் வழக்கறிஞர் சொல்லக் கேட்டு உண்மை என நம்புபவை. 21.03.2025 அன்று காலை மதுரையில், வழக்கறிஞர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்துக் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) மு. செல்வராணி
மனுதாரர்