உங்கள் ஆர்டர் இரண்டு தவணையாக, இரண்டு பில்லுடன் வருவது குறித்து

கோயம்புத்தூர்
05.11.2025

உரிமையாளர் அவர்களுக்கு,
பேக்கரி, பழனி ரோடு, திண்டுக்கல்

வணக்கம் ஐயா.

நவம்பர் 3ஆம் தேதி நீங்கள் கொடுத்த ஆர்டரில் 300 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்று, கண்ணாடிக் கதவு வைத்த விசி கூலர் ஒன்று. ஃப்ரீசர் கோவை குடோனில் இருக்கிறது. நாளை வியாழக்கிழமை காலை பழனி வழியாக வந்துவிடும். நீங்கள் கேட்ட கூலர் மாடல் இப்போது பெங்களூரு குடோனில் மட்டுமே இருக்கிறது. அது 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நேரே உங்கள் கடைக்கு வரும்.

கூலரைக் கோவைக்கு வரவழைத்து இரண்டையும் ஒரே வண்டியில் அனுப்பலாமே என்று போனில் கேட்டீர்கள். அப்படிச் செய்தால் கண்ணாடிக் கதவுள்ள பெட்டியை நடுவில் ஒரு முறை வீணாக இறக்கி ஏற்ற வேண்டும். ஃப்ரீசரும் அதுவரை சும்மா காத்துக் கிடக்கும்.

சரி, வண்டிதான் இரண்டு, பில்லாவது ஒன்றாகப் போடக்கூடாதா? முடியாது ஐயா. ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியானது. எங்கள் தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்று தொடங்கும், கர்நாடகப் பதிவு எண் 29 என்று தொடங்கும். நிறுவனம் ஒன்றுதான் என்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு இவை இரண்டு தனி நபர்கள். சரக்கு எந்தப் பதிவிலிருந்து கிளம்புகிறதோ அந்தப் பெயரில்தான் பில் போட வேண்டும், அதுவும் வண்டி புறப்படும் முன்பே.

அதனால் வரி எழுதும் விதமும் மாறும். ஃப்ரீசர் ரூ.24,000, மத்திய வரி 2,160, மாநில வரி 2,160 சேர்த்து ரூ.28,320. கூலர் ரூ.46,000, வெளிமாநிலச் சரக்கு என்பதால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரியாக 8,280 சேர்த்து ரூ.54,280. இரண்டிலும் அதே 18 சதவீதம்தான். மொத்தம் ரூ.82,600. கொட்டேஷனில் சொன்ன தொகையே இது, ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. இரண்டாவது வண்டிக்கும் வாடகை எங்கள் பொறுப்பு. டிரைவர் ஏதாவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நீங்கள் கட்டிய முன்பணம் ரூ.20,000ஐ ஃப்ரீசர் பில்லில் கழித்துவிட்டோம். நாளை ரூ.8,320, கூலர் வந்ததும் ரூ.54,280 செலுத்தினால் போதும்.

உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு பில்லையும் கொடுங்கள். GSTR-2B பட்டியலில் வெவ்வேறு ஜிஎஸ்டி எண்ணில் தனித்தனியாகத்தான் தெரியும். ஐஜிஎஸ்டி வரவை மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் கழித்துக்கொள்ளலாம், அதனால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. வாரண்டி அந்தந்த பில் தேதியிலிருந்து தொடங்கும். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கூலர் 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால் இ-வே பில்லும் டிரைவரிடம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் பெட்டியைப் பிரித்துக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அப்புறம், இறக்கியதும் உடனே சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் நிமிர்ந்தபடி நிற்க விடுங்கள்.

இப்படிக்கு,
விற்பனை மேலாளர்