சுற்றறிக்கை: காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும்போது கேட் மாற்றங்கள்

பெற்றோர், பாதுகாவலர், வேன் மற்றும் ஆட்டோ சாரதிகள் அனைவருக்கும்,

எதிர்வரும் திங்கட்கிழமை முதல் நமது பாடசாலையின் முன் கேட் நடந்து வருபவர்களுக்கு மட்டுமே. காலை 6.30 முதல் 7.45 வரையும், பாடசாலை விடும் நேரத்திலும் அந்த வழியாக எந்த வாகனமும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. ஆசிரியர்களின் மோட்டார் சைக்கிளுக்கும் இதே விதிதான்.

முன் கேட் ஹட்டன் - நுவரெலியா பிரதான வீதியின் வளைவை ஒட்டியிருக்கிறது. பிள்ளையை இறக்கிவிட்ட வேன் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸ் எடுக்கிறது. அதே நேரம் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் மதிலுக்கும் வேனுக்கும் நடுவே நுழைந்து வருகிறார்கள். மழையில் குடையை முகத்தை மறைக்கப் பிடித்து வரும் தரம் 1 பிள்ளைக்கு வேன் தெரியாது. அவ்வளவு சிறிய பிள்ளை சாரதியின் கண்ணாடியிலும் தெரியாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது என்றுதான் இந்த மாற்றம்.

வாகனங்கள் இனிக் கீழ்க் கேட்டால் உள்ளே வந்து, மைதானத்தைச் சுற்றியுள்ள கொங்கிரீட் பாதையில் சென்று, கோயில் பக்கத்து மேல் கேட்டால் வெளியேற வேண்டும். இது ஒருவழிப் பாதை. உள்ளே ரிவர்ஸ் எடுக்கவோ முந்திச் செல்லவோ கூடாது. மைதானப் படிக்கட்டுக்கு எதிரே நிறுத்தி, இடது பக்கக் கதவால் மட்டும் பிள்ளைகளை இறக்குங்கள். பையை வாகனத்துக்குள்ளேயே தோளில் மாட்டிவிட்டால் வரிசை தேங்காது. வகுப்பாசிரியரைப் பார்க்க வேண்டுமானால் வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டு, முன் கேட்டால் நடந்து வாருங்கள்.

லயங்களிலிருந்து குறுக்குப் பாதையால் வரும் பிள்ளைகள் கீழ்க் கேட்டுக்கு வராமல், அதற்குப் பக்கத்தில் திறக்கும் சிறிய கேட்டால் வரட்டும். மழைக்காலத்தில் அந்தப் படிகள் வழுக்கும், கம்பியைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். பெரட்டுக்கு நேரமாகிறது என்று அம்மாமார் விடியற்காலையிலேயே பிள்ளையைக் கேட் வாசலில் விட்டுப் போவது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக 6.30 மணிக்கே சிறிய கேட்டும் மண்டபமும் திறந்திருக்கும், கடமை ஆசிரியர் ஒருவரும் இருப்பார். தயவுசெய்து பிள்ளையை வெளியே நிற்க விடாதீர்கள்.

பஸ்ஸில் வருபவர்கள் மஞ்சள் கடவையால் மட்டுமே வீதியைக் கடக்க வேண்டும். காலையில் அங்கே ஓர் ஆசிரியரும் மாணவத் தலைவர்களும் நிற்பார்கள். பஸ் புறப்பட்டுப் போன பிறகே கடக்க வேண்டும் என்பதை வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

பாடசாலை விடும்போதும் வாகனங்களுக்கு இதே வழிதான். தரம் 1, 2 பிள்ளைகளை மட்டும் வகுப்பாசிரியரே மைதானப் படிக்கட்டில் உங்களிடம் ஒப்படைப்பார். வழக்கமாக வருபவருக்குப் பதிலாக வேறொருவர் வருவதானால் அன்று காலையே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வந்தால், உறவினராக இருந்தாலும் பிள்ளையை அனுப்ப மாட்டோம்.

முதல் சில நாட்கள் கீழ்க் கேட்டில் வரிசை நீளலாம். கொஞ்சம் முன்னதாகவே புறப்படுங்கள். நடக்க முடியாத பிள்ளைகளை வகுப்பறை வரை வாகனத்தில் கொண்டுவர வேண்டியவர்கள் இந்த வாரத்திலேயே அலுவலகத்தில் தெரிவித்தால் தனி ஏற்பாடு செய்து தருவோம்.

அதிபர்
பாடசாலை அபிவிருத்திக் குழுவின் சம்மதத்துடன்