ஐந்தாம் செமஸ்டர் பதிவுக்கு முன், கயல்விழிக்கு

அன்புள்ள கயல்விழி,

வியாழக்கிழமை மதியம் நீ என் அறைக்கு வந்தபோது கையில் ஒரு கட்டு காகிதம் வைத்திருந்தாய். பச்சை மார்க்கரால் பன்னிரண்டு பாடங்களைக் குறித்திருந்தாய். "இதுல எந்த ஆறை எடுக்கட்டும் மேடம்?" என்று கேட்டாய். துறைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிவு திங்கட்கிழமை காலை 9 மணிக்குத் திறக்கிறது. அதற்கு முன்னால் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

முதலில் அந்தக் காகிதக் கட்டை எடுத்து வைத்துவிடு. அதிலிருக்கும் பாடக் குறியீடுகள் எல்லாம் 25CS என்று தொடங்குகின்றன. அது இந்த ஆண்டு சேரும் முதலாண்டு மாணவர்களுக்கான 2025 ரெகுலேஷன். நீ சேர்ந்தது 2023-இல். பட்டம் கையில் வாங்கும் வரை உனக்கு 2023 ரெகுலேஷன்தான், உன் பாடங்கள் 23CS என்றுதான் தொடங்கும். நம் இணையதளத்தில் புதியது மேலே இருப்பதால் நிறைய பேர் அதையே இறக்கிக்கொள்கிறார்கள். கொஞ்சம் கீழே போனால் உன்னுடையது கிடைக்கும். நீ குறித்த பன்னிரண்டில் மூன்று பாடங்கள் உன் பட்டியலிலேயே கிடையாது.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். உன் பட்டத்துக்கு மொத்தம் 162 கிரெடிட் வேண்டும். நான்கு செமஸ்டரில் 91 வந்திருக்க வேண்டும். நிகழ்தகவும் புள்ளியியலும் தாளில் அரியர் இருப்பதால் அந்த 4 போக, உன்னிடம் 87 இருக்கிறது. இன்னும் 75 சேர்க்க வேண்டும். ஆனால் 162 என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போகாதே. கையேட்டின் ஏழாம் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஹியூமானிட்டீஸும் மேலாண்மையும் 12, அடிப்படை அறிவியல் 25, பொறியியல் அறிவியல் 21, துறையின் கட்டாயப் பாடங்கள் 57, துறைசார் எலெக்டிவ் 18, ஓப்பன் எலெக்டிவ் 12, புராஜெக்ட் 14, திறன் பயிற்சி 3. இவை எட்டும் எட்டுக் குடங்கள் மாதிரி. ஒன்று நிரம்பி வழிந்தாலும் அந்தத் தண்ணீர் அடுத்த குடத்துக்குப் போகாது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். நன்றாகப் படிப்பவன், மொத்தம் 165 கிரெடிட் வைத்திருந்தான். ஆனால் ஓப்பன் எலெக்டிவ் 9-தான் இருந்தது. நம் துறையே நடத்திய ஒரு பாடத்தை ஓப்பன் என்று நினைத்து எடுத்திருந்தான், அது துறைசார் எலெக்டிவ் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டாம் செமஸ்டரில் அதைக் கண்டுபிடித்தோம். வேலைக்கான கடிதம் கையில் இருந்தும், ஒரு பாடத்துக்காக அவன் இன்னும் ஒரு செமஸ்டர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவனுடைய அப்பா என் எதிரில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதற்கப்புறம் வகை பார்க்காமல் எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் நான்கு எண்கள் இருக்கும். மெஷின் லேர்னிங்குக்கு 2-0-2-3 என்று போட்டிருக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு, டுட்டோரியல் இல்லை, இரண்டு மணி நேரம் லேப், மொத்தம் 3 கிரெடிட். வகுப்பு ஒரு மணிக்கு ஒரு கிரெடிட், லேப் இரண்டு மணிக்கு ஒரு கிரெடிட். கிளவுட் கம்ப்யூட்டிங் 3-0-0-3. இரண்டுக்கும் கிரெடிட் ஒன்றுதான், ஆனால் முன்னது உன் வாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுக்கும், ரெக்கார்டு எழுதும் நேரம் தனி. மதிப்பெண்ணும் மாறும்: லேப் சேர்ந்த பாடத்துக்கு இன்டர்னல் 50, இறுதித் தேர்வு 50, வெறும் தியரிக்கு 40, 60. தேர்வறையில் பதற்றப்படுவேன் என்று நீயே சொன்னாய். அப்படியானால் லேப் சேர்ந்த பாடங்கள் உனக்குக் கொஞ்சம் கைகொடுக்கும்.

இனி முக்கியமான இடம். எலெக்டிவ் பட்டியலை ஐந்தாம் செமஸ்டரிலிருந்து படிக்காதே, ஏழாம் செமஸ்டரிலிருந்து பின்னோக்கிப் படி. உன் துறைசார் எலெக்டிவ் ஆறும் ஐந்து, ஆறு, ஏழு ஆகிய மூன்று செமஸ்டரில் இரண்டிரண்டாக வருகின்றன. எட்டாம் செமஸ்டரில் 10 கிரெடிட் புராஜெக்ட் தவிர ஒன்றும் கிடையாது. உனக்குக் கடைசியில் கம்ப்யூட்டர் விஷன் வேண்டும் என்றாய். அது ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடக்கும், அதாவது உனக்கு ஏழாவது. அதற்கு முன் டீப் லேர்னிங் முடித்திருக்க வேண்டும். அது இரட்டைப்படையில் மட்டும், ஆக ஆறாவது. அதற்கு முன் மெஷின் லேர்னிங், அது ஒற்றைப்படை. எனவே இந்தத் திங்கட்கிழமை மெஷின் லேர்னிங்கை விட்டால், ஏழாவதில்தான் அது கிடைக்கும். அதன் பிறகு டீப் லேர்னிங் எடுக்க எட்டாவதில் இடமே இல்லை. மூன்று பாடங்கள் ஒரு கயிற்றில் கட்டியிருக்கின்றன, நுனி உன் கையில் இருப்பது இப்போது மட்டும்தான்.

உன் அரியர் இதைத் தடுக்குமா என்று பயந்தாய். தடுக்காது. முன்தேவைப் பகுதியைக் கூர்ந்து பார்: சில பாடங்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. நட்சத்திரம் இருந்தால் அந்தத் தாளில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் வருகைப்பதிவுடன் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் போதும். மெஷின் லேர்னிங்குக்கு முன்தேவையாக நிகழ்தகவு இருக்கிறது, நட்சத்திரம் இல்லை. தைரியமாக எடு. ஆனால் டீப் லேர்னிங்குக்கு முன்னால் மெஷின் லேர்னிங் நட்சத்திரத்தோடு இருக்கிறது, அதில் தவறினால் கயிறு அறுந்துவிடும். பேயஸ் தேற்றம் தெரியாமல் அந்த வகுப்பில் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது சிரமம். அதனால் நவம்பர் அரியர் தேர்வுக்குப் படிப்பதைத் தனி வேலையாக நினைக்காதே. இரண்டும் ஒரே படிப்புதான்.

ஹானர்ஸ், மைனர் இரண்டையும் கேட்டிருந்தாய். ஹானர்ஸ் என்றால் 162-க்கு மேல் நம் துறையிலேயே இன்னும் 18 கிரெடிட், மைனர் என்றால் வேறு துறையில் 18. இரண்டில் எதற்கும் சிஜிபிஏ 7.5 வேண்டும், நிலுவைத் தாள் இருக்கக் கூடாது. உன் 7.8 போதும், அரியர்தான் இடிக்கிறது. ஐந்தாவதில் தொடங்காவிட்டால் ஆறு கூடுதல் பாடங்களை மூன்று செமஸ்டரில் திணிக்க வேண்டும். கேட் தேர்வையும் மனதில் வைத்திருக்கும் உனக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, நீ கேட்ட சைபர் செக்யூரிட்டி விஷயம். ஐந்தாம் செமஸ்டரில் அதுவும் மெஷின் லேர்னிங்கும் ஒரே சி ஸ்லாட்டில் இருக்கின்றன, இரண்டையும் எடுக்க போர்ட்டல் விடாது. ஆனால் வழி இருக்கிறது. நம் விதிப்படி இரண்டு துறைசார் எலெக்டிவ் வரை, அவற்றுக்குப் பதிலாக என்பிடெல் ஆன்லைன் படிப்பை எடுத்துக்கொள்ளலாம். 12 வாரப் படிப்புக்கு 3 கிரெடிட். ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்கும். அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 10-ம் தேர்வில் 30-ம் குறைந்தபட்சம் வேண்டும். சைபர் செக்யூரிட்டிக்குப் பதிலாக, ஆறாம் செமஸ்டரில், ஜனவரியிலேயே கிரிப்டோகிராபி படிப்பை எடுத்து முடித்துவிடு. ஏழாவதில் ஒரு எலெக்டிவ் குறையும். பட்டியலில் அது இருக்கிறதா என்று டிசம்பரிலேயே பார்த்து, சேர்வதற்கு முன் துறைத் தலைவரிடம் ஒப்புதல் வாங்கிவிடு. படித்து முடித்துவிட்டு வந்து கேட்டால் கிரெடிட் ஏறாது.

ஏழாவதில் ஏன் இடம் விடச் சொல்கிறேன் என்றால், நிறுவனங்கள் ஆள் எடுக்க வருவது அப்போதுதான். கேட் தேர்வு அதற்கடுத்த பிப்ரவரியில். கேட்டுக்காக எலெக்டிவ் தேட வேண்டாம். கணினி அறிவியல் தாளில் வரும் கம்பைலர், ஆட்டோமேட்டா, நெட்வொர்க்ஸ் எல்லாம் உன் கட்டாயப் பாடங்களிலேயே இருக்கின்றன. அந்தத் தாளில் மெஷின் லேர்னிங் கிடையாது. அது 2024 முதல் நடக்கும் டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுத் தாளில்தான் வருகிறது. எந்தத் தாள் எழுதப் போகிறாய் என்பதை ஆறாம் செமஸ்டர் விடுமுறைக்குள் முடிவு செய்தால் போதும்.

ஓப்பன் எலெக்டிவை எளிதாக மார்க் வாங்கும் இடம் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நான்கில் இரண்டு ஆறாவதில், இரண்டு ஏழாவதில். போன வருஷம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மழையில் உங்கள் சம்பா மூழ்கியபோது, பயிர்ச்சேதம் கணக்கெடுக்க ஆள் வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது என்று நீ ஒருநாள் லேபில் சொன்னாய். சிவில் துறை ஆறாவதில் தொலையுணர்வும் புவித்தகவல் அமைப்பும் என்ற பாடம் நடத்துகிறது. செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் நிற்கும் வயலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று அதில் சொல்லித் தருவார்கள். அதே செமஸ்டரில் டீப் லேர்னிங்கும், துறைசார் எலெக்டிவாக இமேஜ் பிராசஸிங்கும் எடுத்தால், எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடி நீ அலைய வேண்டியிருக்காது. மற்ற மூன்றை உன் விருப்பத்துக்கு விடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் துறை நடத்தும் டேட்டா சயின்ஸ் அறிமுகத்தை மட்டும் தொடாதே. நம் சிலபஸோடு பாதிக்கு மேல் ஒத்துப்போவதால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஆகவே திங்கட்கிழமை: கட்டாயப் பாடங்கள் 16 கிரெடிட் தானாகவே வந்திருக்கும். அதோடு மெஷின் லேர்னிங், அடுத்து கிளவுட் கம்ப்யூட்டிங். இருபது பேர் சேராவிட்டால் எலெக்டிவை ரத்து செய்துவிடுவார்கள், அதனால் கிளவுடுக்கு மாற்றாக அதே ஸ்லாட்டில் உள்ள மொபைல் ஆப் டெவலப்மென்ட்டை இரண்டாம் விருப்பமாகக் கொடு. அரியர் தாளுக்கான பதிவு தனிப் பக்கம், தனிக் கட்டணம். அதை மறந்துவிடாதே. மெஷின் லேர்னிங்கில் அறுபது இடம்தான், அதனால் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே உள்ளே நுழைந்து காத்திரு.

முடித்ததும் படிவத்தை அச்செடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கு எதிரிலும் அது எந்த வகை என்று பேனாவால் எழுதிக் கொண்டு வா. செவ்வாய் மதியம் 3 மணிக்கு மேல் இரண்டாம் மாடி லேபில் இருப்பேன். சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் ஃபேக்கல்டி அட்வைசர்