காக்கிப் பாக்கெட்

சென்னையில் யாருக்கு இவ்வளவு கனமான போர்வை என்று கேட்பீர்கள். வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். ஆனால் மகள் இருப்பது மேடவாக்கத்தில், பேரன் ஏசியில் தூங்குகிறான், ராத்திரி போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் காலையில் மூக்கு ஒழுக எழுந்திருக்கிறான். கனமாக இருந்தால் ஆறு வயசுக்காரன் தள்ள முடியாது, அதுதான் என் கணக்கு.

பீரோவில் அவர் சட்டை பதினான்கு இருந்தது. கருமாதி அன்றே எல்லாவற்றையும் மூட்டை கட்டி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நாத்தனார் சொன்னாள். சரி, அப்புறம் பார்க்கலாம் என்றேன், பத்து மாதம் ஓடிவிட்டது. இப்போது போர்வை விஷயம் தெரிந்ததும் போன் வந்தது.

"செத்தவங்க துணியைப் போய்க் குழந்தைக்குப் போர்த்துவாங்களா அண்ணி?"

"அவன் பொறந்தப்போ உங்க அண்ணன் வேட்டியைக் கிழிச்சுத்தானே சுத்தி வச்சோம்?"

"அப்போ அவர் இருந்தாரே."

அதற்கு என்ன பதில் சொல்வது. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடிக்கவில்லை.

அவர் பெரம்பூர் பின்னி மில்லில் தறி ஓட்டியவர். 1996ல் மில் மூடியதும் ஆட்டோ ஓட்டப் போனார். காக்கி நெய்த மில்லில் இருந்தவருக்குக் கடைசியில் உடம்பிலேயே காக்கி ஏறியது, அதைச் சொல்லி அவரே சிரிப்பார். துணி விஷயத்தில் மட்டும் பெரிய வாத்தியார். கடையில் யார் என்ன துணி எடுத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். நேராக வேண்டுமென்றால் வெட்டாதே, ஓரத்தில் கத்தரியால் ஒரு கீறல் போட்டுக் கிழி, நூல் போகிற வழியில் அதுவே நேராகப் போகும் என்பார்.

அப்படித்தான் கிழித்தேன். முதல் சட்டை, நீலக் கட்டம் போட்டது, அதை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன், டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழு. அந்தச் சத்தம் கேட்டு எதிர் வீட்டு நாய் குரைத்தது. நாலாவது சட்டைக்கு வரும்போது கை தானாகப் போக ஆரம்பித்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வெண்டைக்காய் நறுக்குவது மாதிரிதான் இருந்தது.

ஆறு அங்குலச் சதுரம், தையலுக்குப் போனால் ஐந்து. அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120. சட்டை முதுகில் பன்னிரண்டு சதுரம் தேறும், அப்படிப் பார்த்தால் பத்து முதுகு போதும். காலரும் அக்குளும் நைந்துபோன இடங்கள், அவை கரித்துணிக்கு. ஆனால் காக்கிச் சட்டைகளில் முதுகே மோசம், ஆட்டோ சீட்டில் இத்தனை வருஷம் உரசியதில் வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. அதனால் அவற்றில் மட்டும் முன்பக்கத்தை எடுத்தேன். உள்ளே என் பழைய நூல் புடவை இரண்டு, அடியில் அவர் வேட்டி.

மிதி மிஷினில் காக்கி இணைப்பு வந்த இடத்தில் ஊசி முறிந்தது. தடித்த துணிக்குப் பதினாறாம் நம்பர் ஊசி போட வேண்டும், போட்டிருந்தது பதினான்கு. மறுபடி மாற்றப் பொறுமையில்லாமல் மிச்சத்தைக் கையாலேயே ஓட்டுத்தையல் போட்டேன், பன்னிரண்டு நாள் ஆனது. ஒரு காக்கி பாக்கெட் அழகாக இருந்ததால் பிரித்து நடுவில் வைத்துத் தைத்தேன். ஓரத்தில் பேனா மை கசிந்த கறை இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். பையன் கால் விரல் மாட்டிக்கொள்ளுமே என்று வாயையும் சேர்த்து மூடித் தைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். "ரொம்ப கனமா இருக்கும்மா" என்றாள் மகள், வேறெதுவும் சொல்லவில்லை, நீலக் கட்டத்தையே தடவிக்கொண்டிருந்தாள். பேரன் போர்வையை விரித்து மேலே உருண்டான். அப்புறம் மைக் கறையைப் பார்த்தான். பார்த்ததும் விரலை பாக்கெட்டுக்குள் விடப் போனான்.

"ஆயா, தாத்தா பாக்கெட்டை ஏன் மூடி வச்சிருக்க?"

அந்த வீட்டில் கத்தரிக்கோல் தேடினால் கிடைக்கவில்லை, காய் நறுக்குகிற கத்தியால்தான் தையலைப் பிரித்தேன். உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் துழாவினான்.

"காலியா இருக்கு."

மேடவாக்கத்தில் கமர்கட்டு எங்கே விற்கிறார்கள் என்று மகளைக் கேட்டேன். கூட்ரோடு பக்கம் பெட்டிக்கடையில் இருக்கலாம், வெயில் தாழட்டும் என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.